ஒரே அறிமுக உரை, மூன்று இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறப்புப் பேச்சாளரை அறிமுகம் செய்யும் வேலை யார் தலையிலாவது வந்து விழும். அதுவும் அதே ஆளை ஒரு போர்டு ரூமில், ஒரு கல்லூரி அரங்கில், அப்புறம் ஒரு வீடியோ பதிவில் என்று மூன்று முறை அறிமுகம் செய்ய வேண்டி வந்தால் வருகிற கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏரிகளைச் சீரமைப்பதில் காலம் கழித்து ஓய்வுபெற்ற ஒரு பெண் பொறியாளர். பெயர் வரும் இடத்தில் புள்ளிகள் போட்டிருக்கிறேன். முதலில் ஒரு கம்பெனியில் சமூகப் பணிக்குப் பணம் ஒதுக்கும் சிஎஸ்ஆர் குழுவிடம் பேசுகிறார், பிறகு பொறியியல் கல்லூரி மாணவர்களிடம், கடைசியாக இணையத்தில் ஏறப்போகும் ஒரு பதிவுக்காக.

ஒரு உரையை எழுதிவைத்து மூன்று இடத்திலும் அதையே வாசித்துவிட்டால் என்ன?

வாசிக்கலாம். ஒரு இடத்தில் பொருந்தும், மற்ற இரண்டில் உதைக்கும். ஆள் ஒன்றுதான், ஆனால் கேட்பவர்களுக்கு அந்த ஆளிடம் உள்ள தேவை வேறு. போர்டு ரூமில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு முடிவு எடுக்க வந்தவர்கள். பேச்சாளர் பற்றிய தாள் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கும். அரங்கில் இருப்பவர்களில் பாதிப்பேர் வருகைப் பதிவுக்காக வந்தவர்கள். அவர்களை முதலில் ஒன்றாகத் திரட்ட வேண்டும். வீடியோ பார்ப்பவர் தனியாக இருக்கிறார், கட்டைவிரல் திரையிலேயே இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்.

அதனால் உரையை நடுப்பகுதி, முன்னும் பின்னும் என்று பிரித்து எழுதுங்கள். நடுவில் நாலு வாக்கியம். அது மூன்று இடத்துக்கும் பொது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் இடத்துக்கு இடம் மாறும். முக்கியமாக, பேச்சாளரின் பெயர் எங்கே வருகிறது என்பது மாறும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

நாலு பக்கம் பயோடேட்டா அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து நாலு வாக்கியம் எப்படி எடுப்பது?

பயோடேட்டா வேலைக்கு விண்ணப்பிக்க எழுதியது. அதில் பட்டம், பதவி, ஆண்டு எல்லாம் இருக்கும். இன்றைய தலைப்புக்கு இவர் ஏன் என்பது இருக்காது. அதை அவரிடமே போனில் கேட்டுவிடுவது நல்லது. பத்து நிமிடம் போதும். நான் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இந்த விஷயத்தில் மற்றவர்கள் செய்வதிலிருந்து நீங்கள் மாற்றிச் செய்வது எது?" பதவி உயர்வுகளை வரிசையாகச் சொல்பவரும் இந்தக் கேள்விக்கு ஒரு சம்பவத்தைச் சொல்வார்.

நம் பொறியாளர் சொன்னது இப்படி என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் ஏரியை ஆழப்படுத்தித் தாருங்கள் என்று கூப்பிடுவார்கள். இவர் போய் இறங்கியதும் ஏரியைப் பார்க்காமல் வரத்து வாய்க்காலில் நடக்க ஆரம்பிப்பார். தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தால் ஏரியைத் தோண்டி என்ன பயன்? அதோடு, ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அங்கே நிற்கிற தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். நிலத்தடி நீருக்கு உதவலாம், அது வேறு கணக்கு.

இதிலிருந்து வரும் நாலு வாக்கியம்:

"பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஏரிகளில்தான் கழிந்தது. ஏரியைத் தூர்வாரக் கூப்பிட்டால் இவர் முதலில் நடப்பது ஏரிக்குள் இல்லை, அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில். பொக்லைன் எந்திரத்தை வரவழைத்த பிறகும் 'கொஞ்சம் நிறுத்துங்கள், முதலில் அளப்போம்' என்று சொல்லக்கூடியவர்."

மதகு விஷயத்தை இதில் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? அது அவர் பேச்சின் மையம். அதை நாம் சொல்லிவிட்டால் அவர் மேடைக்கு வந்து எதைச் சொல்வார்? கேள்வியைக் கிளப்பிவிட்டு விடையை அவரிடம் விட்டுவிட வேண்டும். எழுதியதை அவருக்கு அனுப்பி, துறையின் பெயர், பதவியின் பெயர், 'டாக்டர்' உண்டா இல்லையா, முதலெழுத்து எது, பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேடையிலேயே திருத்தம் சொல்லும் நிலைக்குப் பேச்சாளரைத் தள்ளக் கூடாது.

போர்டு ரூமில் எட்டுப் பேர்தான். எழுந்து நின்று பேசணுமா?

வேண்டாம். உட்கார்ந்தபடியே, சாதாரணக் குரலில், அரை நிமிடம். நின்று "அவையோர் அனைவருக்கும்" என்று ஆரம்பித்தால் எட்டுப் பேரும் கொஞ்சம் நெளிவார்கள். இங்கே பெயர் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும், ஏனென்றால் எதிரே ஒரு புது முகம் உட்கார்ந்திருக்கிறது, அது யார் என்று தெரியாமல் மற்ற எதுவும் காதில் ஏறாது. பதவிப் பட்டியல் தேவையில்லை. அது தாளில் இருக்கிறது.

கடைசி வாக்கியம்தான் இங்கே உயிர். கைதட்டல் கிடையாது. அறிமுகம் முடிந்ததும் ஒரு அசட்டு மௌனம் விழும், பேச்சாளர் "நான் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பார். இதைத் தவிர்க்க, அந்தக் குழு எடுக்க வேண்டிய முடிவையே கேள்வியாக்கி அவரிடம் கொடுத்துவிடுங்கள். சிஎஸ்ஆர் குழுவின் நிலைமை என்ன? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதமாவது சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆக, பணம் ஒதுக்கியாகிவிட்டது. எந்த ஏரிக்கு என்பதுதான் மேசையில் இருக்கிறது. அப்படியென்றால் உரை இப்படிப் போகும்:

"இவர் பொறியாளர் … மேடம். பொதுப்பணித் துறையில் இருந்தவர், ஏரிகள்தான் இவர் களம். தூர்வாரக் கூப்பிட்டால் முதலில் வாய்க்காலைப் பார்க்கப் போகிறவர். நம்மிடம் மூன்று ஏரித் திட்டங்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே தூர்வாருவதற்குத்தான் பணம் கேட்கின்றன. மேடம் அந்த மூன்று அறிக்கையையும் படித்துவிட்டு வந்திருக்கிறார். மேடம், இந்த மூன்றில் எதில் போட்டால் தண்ணீர் நிற்கும்? அதிலிருந்தே ஆரம்பிக்கலாமே."

நாலு வாக்கியத்தில் பொக்லைன் வாக்கியத்தை விட்டுவிட்டேன். அரங்கில் சிரிப்பு வரவழைக்கும் வரி, இங்கே அவரை முரட்டுப் பிடிவாதக்காரர் போலக் காட்டிவிடும். பணம் கொடுக்க உட்கார்ந்திருப்பவர்கள் முன் அது வேண்டாம்.

யாராவது ஒருவர் வீடியோ கால் வழியாகச் சேர்ந்திருந்தால் மேசை மைக்குக்கு அருகில் இருந்து பேசுங்கள், அந்த மைக் பக்கத்தில் தாளைப் புரட்டாதீர்கள். அந்தப் பக்கம் கேட்பவருக்கு நம் குரலைவிடத் தாளின் சரசரப்புதான் பெரிதாகக் கேட்கும். அறிமுகம் நீண்டுவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? யாராவது கையிலுள்ள கோப்பில் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் நீண்டுவிட்டது.

போர்டு ரூமில் பாதி இங்கிலீஷில்தான் பேசுவார்கள். நான் மட்டும் தமிழில் சொன்னால் நன்றாயிருக்குமா?

அந்த அறை எப்படிப் பேசுகிறதோ அப்படியே பேசுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால் பெயரையும் கடைசிக் கேள்வியையும் ஆங்கிலத்திலும் சொல்லிவிடுங்கள், போதும்.

கல்லூரி மேடையில் தாளாளரிலிருந்து துறைத் தலைவர் வரை ஏழு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் விளிக்காமல் ஆரம்பிக்க முடியுமா?

முடியும், வரவேற்புரை என்று ஒன்று தனியாக இருந்தால். அந்த வேலை வரவேற்புரை சொல்பவருடையது. அவர் முடித்த பிறகு அறிமுகம் செய்பவரும் அதே பட்டியலைத் திரும்பப் படிப்பது நம் மேடைகளில் ஊறிப்போன பழக்கம். ஒருவருக்குப் பட்டமும் பதவியும் சேர்த்துப் பத்து வினாடி என்றாலும் ஏழு பேருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். மாணவர்கள் போனை எடுப்பது அந்த நிமிடத்தில்தான். பிறகு அவர்களை அந்தப் போனைக் கீழே வைக்கச் செய்வது, பாவம், பேச்சாளரின் பாடு.

"மேடையில் உள்ள பெரியவர்களுக்கும், எதிரே இருக்கும் உங்களுக்கும் வணக்கம்" என்ற ஒரு வரி மரியாதைக் குறைவாகாது. ஆனால் இதை முன்கூட்டியே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். சில இடங்களில் தாளாளர் பெயரை விட்டுவிட்டால் அது பிரச்சினையாகவே ஆகும். அப்படியென்றால் அவரை மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களைச் சேர்த்து விளித்துவிடலாம். வரவேற்புரையே இல்லாத நிகழ்ச்சி என்றால் வேறு வழியில்லை, பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும். பெயர் வரிசையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு அடுத்து யார் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அரங்குக்கான உரையை எப்படி விரிப்பது?

இரண்டு நிமிடத்துக்கு. மேடை வேகத்தில் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 110 சொல் வரைதான் தெளிவாகச் சொல்ல முடியும் என்பது என் கணக்கு. நம் சொற்கள் நீளம். அவசரப்பட்டால் விகுதிகள் விழுங்கப்பட்டு 'செய்தார்' எது, 'செய்தார்கள்' எது என்று பின்வரிசைக்குத் தெரியாது. ஆக மொத்தம் 200 சொல்லுக்குள்.

இங்கே பெயர் கடைசியில் வர வேண்டும். பெயர் விழுந்ததும் கைதட்டல் எழும். அந்தச் சத்தத்தில்தான் பேச்சாளர் நாற்காலியிலிருந்து எழுந்து மைக் வரை நடப்பார். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் கைதட்டலும் முதலிலேயே வந்துவிடும், அவர் பாதி எழுந்து மறுபடி உட்காருவார். இரண்டாவது முறை சொல்லும்போது கைதட்டல் மெலிந்திருக்கும். "இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்ற வரியையும் விட்டுவிடுங்கள். இருநூறு மாணவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் ஆச்சரியம்.

ஆரம்பம், கேட்பவர்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றாக இருக்கட்டும்:

"எல்லோருக்கும் வணக்கம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் அதே சென்னை, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். நடுவில் நாலு வருடம்கூட இல்லை. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேல் ஏரிகள் இருக்கின்றன. ஆமாம், முப்பத்தொன்பதாயிரம். பெய்த மழை இவற்றில் நிற்கவில்லை என்றால் எங்கே போனது?

இன்று பேச வந்திருப்பவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஏரிகளில்தான் கழிந்தது. ஏரியைத் தூர்வாரக் கூப்பிட்டால் இவர் முதலில் நடப்பது ஏரிக்குள் இல்லை, அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில். பொக்லைன் எந்திரத்தை வரவழைத்த பிறகும் 'கொஞ்சம் நிறுத்துங்கள், முதலில் அளப்போம்' என்று சொல்லக்கூடியவர்.

ஏரியைத் தோண்டினால் தண்ணீர் கூடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். கூடாத இடங்களும் உண்டு, ஏன் என்று இன்று அவர் படம் போட்டுக் காட்டப் போகிறார். 'ஏரியை எவ்வளவு தோண்டலாம்?' என்ற தலைப்பில் பேச, பொறியாளர் திருமதி … அவர்களை அழைக்கிறேன்."

39,000 என்ற எண்ணை இரண்டு முறை சொல்லியிருப்பது வேண்டுமென்றேதான். அரங்கில் ஓர் எண் ஒரே முறை சொன்னால் பாதிப்பேருக்குப் பிடிபடாது. காகிதத்தில் படிப்பவர் திரும்பிப் பார்க்கலாம், கேட்பவர் முடியாது.

வாக்கியங்கள் குட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. இருபது மீட்டர் தள்ளி வெறும் சுவர் இருந்தால், நம் குரல் அதில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வினாடி ஆகும். அந்த எதிரொலி அடுத்த சொல்லின் மேல் வந்து விழும். வாக்கியம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டால் எதிரொலி அடங்கிவிடும். காலி அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது இது மோசமாகத் தெரியும். ஆட்கள் நிறைந்ததும் உடைகளும் உடல்களும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் குறையும்.

மைக் பிடித்தாலே கீச்சிடுகிறது. எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும்?

கைமைக் என்றால் வாயிலிருந்து நாலு விரல் தூரம். தூரம் இரட்டிப்பானால் மைக்குக்குப் போகும் குரல் 6 டெசிபல் குறையும்; ஒலிபெருக்கிக்காரர் அளவைக் கூட்டுவார்; அப்போது பெட்டியிலிருந்து வரும் ஒலியே மைக்கில் மறுபடி புகுந்து சுற்றும். அதுதான் அந்தக் கீச்சல். நாம் பயந்து மைக்கை இன்னும் தள்ளிப் பிடிப்போம், நிலைமை இன்னும் கெடும். கிட்டே கொண்டுவந்து அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும், பெட்டிக்கு முன்னால் நடப்பதும் அதே கீச்சலைக் கொண்டுவரும்.

பெயரைச் சொன்னதும் ஓரடி பின்னால் வந்து கைதட்டுங்கள், மைக்குக்குள் தட்டாதீர்கள். அவர் வந்ததும் மைக்கை அவர் உயரத்துக்கு வளைத்துக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். குள்ளமானவர் நெற்றிக்கு நேரே மைக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது பார்க்கவே கஷ்டம்.

அரங்கில் பேசியதைத்தான் வீடியோ எடுத்திருக்கிறார்களே. அதில் அறிமுகப் பகுதியை வெட்டிப் போட்டால் போதாதா?

நிகழ்ச்சியின் பதிவாக வைத்துக்கொள்ளப் போதும். தனி வீடியோவாக ஓடாது. முதல் ஒன்றரை நிமிடம் யாரைப் பற்றிப் பேச்சு என்றே பார்ப்பவருக்குத் தெரியாது, பெயர் கடைசியில்தானே வருகிறது. அரங்கில் இருந்தவர்களுக்கு அது எதிர்பார்ப்பு. போனில் பார்ப்பவருக்குக் காத்திருப்பு. 'உங்களில் பலர்' என்றால் யார்? அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பும் கைதட்டலும் வேறு யாருடைய விசேஷத்துக்கோ எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

அதனால் முக்கால் நிமிடத்தில் தனியாக எடுங்கள். பார்வை கேமராவின் லென்ஸில். திரையில் தெரியும் நம் முகத்தைப் பார்த்துப் பேசினால் பார்ப்பவருக்கு நாம் வேறு யாரையோ பார்ப்பது போல இருக்கும். முதல் வாக்கியம் கேள்வி, இரண்டாவதில் பெயர்:

"ஏரியை ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் அதிகம் நிற்கும் என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்துத் தோண்டிய பல ஏரிகளை நேரில் பார்த்தவர் பொறியாளர் … . பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஏரியைத் தூர்வாரக் கூப்பிட்டால் இவர் முதலில் நடப்பது ஏரிக்குள் இல்லை, அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில். உங்கள் ஊர் ஏரியில் வேலை நடக்கிறது என்றால், அங்கே நீங்களே போய்ப் பார்க்க வேண்டிய மூன்று இடங்களை இந்த வீடியோவில் சொல்கிறார்."

இவ்வளவுதான். 'அழைக்கிறேன்' வேண்டாம், அடுத்த நொடியே காட்சி அவருக்கு மாறிவிடும். 'இன்று', 'இந்த மாலை', 'சென்ற வாரம்', 'காலை வணக்கம்' எதுவும் வேண்டாம். அடுத்த வருடம் நள்ளிரவில் ஒருவர் பார்ப்பார். பதவியையும் 'இப்போது இன்ன பதவியில் இருக்கிறார்' என்று வாயால் சொல்லாமல் திரையின் அடியில் எழுத்தாகப் போடலாம். மாறினால் எழுத்தை மாற்றுவது சுலபம், குரலை மாற்ற முடியாது. அந்த எழுத்தில் பெயரின் ழ, ள, ல சரியா என்று பேச்சாளரிடமே காட்டிவிடுங்கள்.

பதிவின்போது கெட்டுப்போவது பெரும்பாலும் எது?

ஒலி. படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் போய்விடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலை மூடுங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் என்றால் மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே. பட்டுப்புடவை முந்தானை, சங்கிலி, அடையாள அட்டையின் நாடா இவை உரசினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். பிறகு எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு. இருபது வினாடி பேசிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

படத்தில் மேலும் கீழும் மங்கல் பட்டைகள் ஓடினால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் நின்றுவிடும்.

பேச ஆரம்பிக்கும் முன்னும் முடித்த பின்னும் மூன்று வினாடி அசையாமல் இருங்கள். முடித்ததும் "ஓகேவா?" என்று பக்கத்தில் திரும்பினால் வெட்டுவதற்கு இடமே இருக்காது. நடுவில் தடுக்கினால் அந்தச் சொல்லை மட்டும் திருத்தாமல் வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். சொல்லுக்கு நடுவே ஒட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றையும் மனப்பாடம் செய்யணுமா?

முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடம். நடுப்பகுதி கையடக்க அட்டையில் இருக்கட்டும், அரங்கில் பார்த்துச் சொல்வதில் தவறில்லை. பெயரை மட்டும் அட்டையைப் பார்த்துப் படிக்காதீர்கள். அவரை நமக்கே தெரியாது என்று ஆகிவிடும்.

அரங்கில் பேச்சாளர் வந்து சேரவில்லை, "இன்னும் ஐந்து நிமிடம் இழுங்கள்" என்று சீட்டு வருகிறது. என்ன செய்வது?

அவர் பேசப்போவதை எடுத்துப் பேசாதீர்கள். மதகு, வாய்க்கால் பக்கமே போக வேண்டாம். முன்பகுதியை நீட்டுங்கள். மாணவர்களிடம் கேளுங்கள்: உங்கள் ஊரில் ஏரி இருக்கிறதா, அதன் பெயர் என்ன, கடைசியாக எப்போது நிரம்பியது? ஒலிபெருக்கிக்காரரிடம் இன்னொரு கைமைக் இருந்தால் கீழே அனுப்புங்கள். நாலைந்து பேர் எழுந்து சொன்னாலே நேரம் ஓடிவிடும். ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, வந்து சேர்ந்ததும் பேச்சாளர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பேச்சில் அந்த ஊர்களைப் பயன்படுத்திக்கொள்வார். கார் வாசலுக்கு வந்துவிட்டது என்று கை காட்டும் வரை 'இன்று பேச வந்திருப்பவர்' என்ற வரியைத் தொடாதீர்கள். அந்த வரியைத் தொட்டுவிட்டால் அங்கிருந்து பெயருக்கு ஒரு நிமிடம்தான், பெயர் விழும்போது அவர் படியேறிக்கொண்டிருக்க வேண்டும்.